குறையை எழுதிய பிறகுதான் கையெழுத்து

"மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்திய ராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றுள்ளேன். ஒழுக்கமும் நேர்மையும் நேரம் தவறாமையும் என் இரு கண்கள். தங்கள் நிறுவனத்தில் எந்த வேலை கொடுத்தாலும் விசுவாசத்துடன் செய்வேன்."

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களின் கடிதங்கள் மாதந்தோறும் வருகின்றன. பத்தில் எட்டு இப்படித்தான் இருக்கும். எழுதியவரின் மேல் மரியாதை வரும். ஆனால் அவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மட்டும் தெரியாது. கேட்டிலா, சரக்கு இறங்கும் டாக்கிலா, ஸ்டோர் கணக்கிலா? "எந்த வேலை கொடுத்தாலும்" என்ற சொல்லை அவர் பணிவோடு எழுதியிருப்பார். படிக்கிறவருக்கோ அது, இவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியைத் திருப்பி நம்மிடமே தள்ளிவிடுகிறது.

மேலே இருக்கும் கடிதத்தை எழுதியவர் வேலூர் மாவட்டத்துக்காரர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டம் அது. வயது 44. ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், உடம்பில் இன்னும் 15 வருட உழைப்பு இருக்கிறது. ராணுவத்தில் சிப்பாயும் ஹவில்தாரும் ஓய்வு பெறுவது பெரும்பாலும் இப்படி நாற்பதை ஒட்டிய வயதில்தான். அவரை நேரில் வரச்சொன்னேன். அன்று மேஜையில் உட்கார்ந்து அவருடைய கடிதத்தை இருவருமாகத் திருப்பி எழுதினோம். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பதவிப் பெயருக்குப் பின்னால் இருந்த வேலை

"கடைசி ஆறு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"சி.க்யூ.எம்.ஹெச். சார்."

ராணுவத்தில் இருந்தவருக்கு அந்த நாலு எழுத்து போதும். கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்பது அதன் விரிவு. காலாட்படையில் ஒரு கம்பெனி என்பது ஏறத்தாழ 120 பேர். அவர்களுக்கு வேண்டிய ரேஷன், உடுப்பு, கம்பளி, கூடாரம், கட்டில், பாத்திரம் என்று எல்லாவற்றின் கணக்கும் இவர் கையில். மேலே இருந்து வருவதை எண்ணி வாங்க வேண்டும். வவுச்சரோடு ஒத்துப் பார்க்க வேண்டும். லெட்ஜரில் ஏற்ற வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டும். ஆள் மாறிப் போனால் திருப்பி வாங்க வேண்டும். கம்பெனி இடம் மாறினால் அத்தனையையும் கட்டி, லாரியில் ஏற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி எண்ணி அடுக்க வேண்டும்.

இதையேதான் எங்கள் கிடங்கில் சரக்கு வரவு, இருப்புக் கணக்கு, அனுப்புகை என்று மூன்று பெயரில் மூன்று பேர் செய்கிறார்கள். ஆனால் அவர் கடிதத்தில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஹவில்தார் என்ற பதவி இருந்தது, பதக்கங்கள் இருந்தன, பணியாற்றிய மாநிலங்களின் பெயர்கள் இருந்தன. 120 பேருக்கான பொருள் அவர் கையில் இருந்தது என்பது இல்லை.

அடுத்து ஒன்று கேட்டேன். "எப்பவாவது கணக்கு இடிச்சிருக்கா?"

அவர் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். முன்பிருந்தவரிடமிருந்து ஸ்டோரை ஏற்கும்போது கம்பளியில் ஆறு குறைந்தது. ஒப்படைப்பவர் நண்பர், மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். "கையெழுத்து போட்டுடு, நான் பார்த்து அனுப்பி வைக்கிறேன்" என்றார். இவர் போடவில்லை. ஒப்படைப்புத் தாளில் "கம்பளி 6 குறைவு" என்று எழுதி, மேலதிகாரியிடம் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்திட்டார். மூன்று நாளில் நாலு கம்பளி சலவையிலிருந்து வந்தது. மீதி இரண்டுக்கு முறைப்படி விசாரணை நடந்து கணக்கு முடிந்தது. நண்பர் ஒரு வருடம் பேசவில்லை.

"இதை ஏன் எழுதல?" என்றேன்.

"கம்பளி குறைஞ்ச கதையெல்லாம் வேலைக்குப் போற லெட்டர்ல எழுதுவாங்களா சார்? அசிங்கமா இருக்காதா?"

நான் தேடிக்கொண்டிருந்த வரி அதுதான் என்று அவரிடம் சொன்னேன். கிடங்கில் மேற்பார்வையாளர் செய்கிற தவறுகளில் பெரியது, குறையை எழுதாமல் கையெழுத்துப் போடுவது. அவசரம், தாட்சண்யம், தூக்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கையெழுத்து விழுந்த நொடியில் குறை, வாங்கியவர் தலையில் ஏறிவிடுகிறது. அதற்கு முன்பு எழுதினால் அது எங்கே விளைந்ததோ அங்கே திரும்பிப் போகும். "நேர்மை என் இரு கண்கள்" என்று யாரும் எழுதிவிடலாம். நண்பனின் முகத்துக்கு நேரே ஆறு கம்பளியை எழுதியவர்தான் அப்படி ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியும்.

கேட்டில் உண்மையில் என்ன நடக்கிறது

அவரை முதலில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இரவு ஷிப்டில் எடுத்தோம். இந்த வேலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் தடியும் தொப்பியும் என்று நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் இது காகிதத்தைப் படிக்கும் வேலை.

ஒரு லாரி கேட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது இன்வாய்ஸ், லாரி ரசீது, இ-வே பில். ரூ.50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் வேண்டும். அதில் லாரியின் எண் இருக்கும். வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்குச் சரக்கை மாற்றினால் அந்த எண்ணையும் மாற்றியிருக்க வேண்டும். ஆகவே பில்லில் உள்ள எண்ணும் வண்டியின் முன்னால் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது முதல் வேலை. சாதாரணச் சரக்கென்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பில்லுக்குக் காலக்கெடு உண்டு. அது தாண்டியிருந்தால் வண்டி எங்கோ நின்றிருக்கிறது என்று பொருள். பஞ்சராகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது சீல். கதவுத் தாழ்ப்பாளில் போடும் இரும்பு போல்ட் சீலில் ஓர் எண் பொறித்திருக்கும். ஆணிப் பகுதி, அது போய் மாட்டும் உருளை ஆகிய இரண்டிலும் அதே எண் இருக்க வேண்டும். காகிதத்தில் எழுதியதும் அதுவாகவே இருக்க வேண்டும். ஆனால் சீலை உடைக்காமலும் கதவைத் திறக்கிறவர்கள் உண்டு. தாழ்ப்பாள் கைப்பிடியைக் கதவோடு பிடித்திருக்கும் ரிவெட்டைக் கழற்றிவிட்டால் கைப்பிடி சீலோடு சேர்ந்து அப்படியே விலகும். வேலை முடிந்ததும் புது ரிவெட் அடித்துப் பெயின்ட் பூசிவிடலாம். எனவே டார்ச்சைச் சீலுக்கு மட்டும் பிடித்தால் போதாது. ரிவெட் தலைகள் எல்லாம் ஒரே அளவு துருப்பிடித்திருக்கின்றனவா, எதிலாவது பெயின்ட் மட்டும் புதிதாக மின்னுகிறதா, கீல் பக்கம் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலால் தட்டினால் உலோகத்துக்கு ஒரு சத்தம், ஒட்டுப் பசைக்கு ஒரு சத்தம்.

பிறகுதான் சீலை வெட்டுவது. வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாமல் காகிதத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.

ஒரு ராத்திரி, ஒரு லாரி

அவர் சேர்ந்து மூன்றாவது வாரம். ராத்திரி இரண்டு மணி. வடக்கிலிருந்து வந்த லாரி, பத்து பாலெட் சரக்கு. பாலெட் என்பது அட்டைப் பெட்டிகளை அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அடியில் மரச்சட்டம் வைத்த அடுக்கு. ஒவ்வொன்றிலும் 45 பெட்டி. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை, ஒரு தட்டுக்கு ஒன்பது. அப்படி ஐந்து தட்டு. மொத்தம் 450 பெட்டி என்று இன்வாய்ஸ் சொன்னது.

சீல் எண் சரி. ரிவெட்டுகள் எல்லாம் பழைய துரு. பத்து பாலெட்டும் இறங்கின. நாலு பக்கமும் பெட்டி நிறைந்திருக்கிறது, மேல்தட்டும் ஒன்பதும் இருக்கிறது. டாக்கில் இருந்த பையன் எண்ணி 450 என்று சொல்லிவிட்டான். டிரைவர் இரண்டு நாள் தூக்கமில்லாதவர். கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஹவில்தார் ஒவ்வொரு பாலெட்டையும் தரை எடைமேடையில் ஏற்றச் சொன்னார். பெட்டி ஒன்று 12 கிலோ. 45 பெட்டிக்கு 540, மரச்சட்டம் 20, ஆக 560 கிலோ வர வேண்டும். ஆறு பாலெட் 560-ஐ ஒட்டி வந்தது. ஏழாவது 512 காட்டியது. குறைவு 48 கிலோ, அதாவது நாலு பெட்டி. பிளாஸ்டிக்கைக் கிழித்து மேல்தட்டை எடுத்தார்கள். மேல்தட்டில் நடுப்பெட்டி இருந்தது. அதற்குக் கீழே நாலு தட்டிலும் நடுப்பெட்டி இல்லை. உள்ளே கிணறு மாதிரி ஓட்டை. வெளியிலிருந்து எந்தப் பக்கம் எண்ணினாலும் 45 வரும்படி அடுக்கியிருந்தார்கள்.

"ரேஷன் வாங்கும்போது மேல்மூட்டையைப் பார்த்து வாங்கினா நடுமூட்டைதான் சாப்பாட்டுல வரும் சார்" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். எடைபோட்டது அந்தப் பழக்கத்தில்.

அந்த நேரத்தில் டாக்கில் இருந்தவர்கள் டிரைவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் செல்போனைப் பிடுங்கவும் போனார். ஹவில்தார் தடுத்தார். சீல் எண் காகிதத்தோடு ஒத்திருக்கிறது, ரிவெட் தொடப்படவில்லை, பாலெட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் கிழித்து ஒட்டியதாக இல்லை. அப்படியென்றால் பெட்டி வழியில் போகவில்லை, ஏற்றிய இடத்திலேயே இல்லை. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ரசீதின் எல்லாப் பிரதிகளிலும் எழுதினார்: "பாலெட் 7-இல் 4 பெட்டி குறைவு. சீல் சேதமின்றி இருந்தது. பிளாஸ்டிக் உறை சேதமின்றி இருந்தது. டிரைவர் முன்னிலையில் எண்ணப்பட்டது." சீல் எண்ணையும் நேரத்தையும் சேர்த்தார். டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, தானும் போட்டார். ஓட்டை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவைத்தார்.

அந்த நாலு வரி இல்லாவிட்டால் அனுப்பியவர்களிடம் எங்களால் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. "முழுசாகப் பெற்றுக்கொண்டோம்" என்று எங்கள் முத்திரையே சொல்லியிருக்கும். டிரைவரின் வாடகையிலிருந்து நாலு பெட்டியின் பணம் கழிந்திருக்கும். கம்பளியில் பழகிய கை இங்கே ஒரு லாரிக்காரரைக் காப்பாற்றியது.

எங்கே தடுக்கி விழுகிறார்கள்

எல்லாம் சுலபமாக வந்துவிடவில்லை. முதல் வாரத்தில் ஒரு டிரைவர் ஹெல்மெட் போடாமல் டாக்குக்கு வந்தார் என்று ஹவில்தார் பெரிய சத்தம் போட்டார். அந்த டிரைவர் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் உள்ளே வரவில்லை. ராணுவத்தில் சொன்னால் நடக்கும், ஏனென்றால் கேட்கிறவர் அதே அமைப்பின் ஆள். இங்கே டிரைவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் ஆள், காவலர் ஒரு ஏஜென்சியின் ஆள், பெட்டி தூக்குகிறவர் ஒப்பந்தக்காரரின் ஆள். யாரும் இவருக்குக் கீழே இல்லை. இவர் கையில் இருப்பது கேட் பாஸும் பதிவேடும்தான்.

சட்டமும் அவ்வளவுதான் கொடுக்கிறது. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை நடத்துவது 2005-ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி ஏஜென்சி மேற்பார்வையாளரை எடுக்கும்போது, முப்படைகளிலோ காவல்துறையிலோ குறைந்தது மூன்று ஆண்டு இருந்தவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். மத்திய மாதிரி விதிகள் 15 காவலர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்கின்றன. புதிதாக வருகிற காவலருக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி. முன்னாள் படைவீரருக்கு அது 40 மணி நேரமும் 16 மணி நேரமுமாகக் குறைகிறது. குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. "எனக்கு எதுக்கு டிரெய்னிங்?" என்று அந்தச் சான்றிதழை வாங்காமல் வருகிறவர்களால் உரிமம் பெற்ற ஏஜென்சியில் சேர முடியாமல் போகிறது.

அதே சட்டம், ராணுவம் அல்லது போலீஸ் உடுப்பைப் போலத் தோன்றும் உடுப்பைக் காவலர் போடக்கூடாது என்கிறது. திருடனைக் கண்முன்னே பிடித்தாலும் விசாரிக்க உரிமை கிடையாது. கடுமையான குற்றம் தன் எதிரில் நடந்தால் சாதாரண மனிதரும் ஒருவரைப் பிடிக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அறையில் பூட்டி வைப்பதும் அடிப்பதும் நம் மேலேயே வழக்காகத் திரும்பும். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு தடுக்கல் கணினி. லெட்ஜரில் தேர்ந்தவர் பார்கோடு ஸ்கேனர் முன்னால் தயங்குவார். ஒரு மாதம் போதும், கை பழகிவிடும். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று கடிதத்தில் எழுதினால் முதல் ஷிப்டிலேயே அம்பலமாகும்.

திருப்பி எழுதிய கடிதம்

நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் முதலில் தமிழில் எழுதினோம். சொல்ல வேண்டியது நமக்குத் தெளிந்துவிட்டால் மொழிமாற்றித் தர ஆள் கிடைப்பார்கள்.

"ஐயா,

உங்கள் கிடங்கின் இரவு ஷிப்டுக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேவை என்று அறிந்து விண்ணப்பிக்கிறேன்.

ராணுவத்தில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசி ஆறு ஆண்டுகள் சுமார் 120 பேருக்கான ரேஷன், உடுப்பு, தளவாடப் பொருள்களை எண்ணி வாங்கி, கணக்கில் ஏற்றி, விநியோகித்து, ஆண்டு இருப்புச் சோதனைக்கு ஒப்படைத்தேன். இடமாற்றத்தின்போது சரக்கை லாரிகளில் ஏற்றி அனுப்பி, இறக்கிச் சரிபார்த்திருக்கிறேன். காவல் பணி மாற்றும்போது பதிவேட்டைப் படித்துக் கையொப்பமிட்டு ஏற்பது என் வழக்கம்.

ஸ்டோர் பொறுப்பை ஏற்றபோது ஆறு கம்பளி குறைந்தது. அதை எழுத்தில் பதிந்த பிறகே கையெழுத்திட்டேன். நான்கு கிடைத்தன, இரண்டு முறைப்படி கணக்கில் தீர்க்கப்பட்டன.

கணினியில் தட்டச்சும் எக்செலும் அடிப்படை அளவில் தெரியும். கிடங்கு மென்பொருளில் பழக்கம் இல்லை, கற்றுக்கொள்வேன். காவலர் பயிற்சிச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்."

ஒரு பக்கம்கூட வரவில்லை. இதில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். படைப்பிரிவு எங்கே நின்றது, எல்லையில் எத்தனை பேர், என்ன ஆயுதம் என்ற எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் காக்க வேண்டிய ரகசியம் அது. கிடங்குக்காரருக்கு அது தேவையும் இல்லை. ஓய்வூதியத் தொகையும் இல்லை. அதை எழுதினால் "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்று சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஓய்வூதியம் முடிந்த உழைப்புக்கு வருவது. இந்தச் சம்பளம் இனி உழைக்கப்போவதற்கு. அதைவிட, ஷிப்ட் எட்டு மணி நேரமா பன்னிரண்டா, கூடுதல் நேரத்துக்குத் தனிக் கூலி உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்பதை நேர்காணலில் அவர்தான் கேட்க வேண்டும்.

கடிதத்தை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான் முதல் படி. ஓய்வு பெற்றதும் அங்கே பதிந்துகொள்ள வேண்டும். காவல் பணிக்கு, தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986 முதல் ஆள் அனுப்பி வருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், ஓய்வுக்கு முன்பே சேரக்கூடிய பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. சரக்கு மேலாண்மை, பாதுகாப்பு என்று ஒரு வகுப்பைப் பணியில் இருக்கும்போதே முடித்தால் மேலே சொன்ன கணினி வரியை மாற்றி எழுதலாம்.

ஹவில்தார் இப்போது பகல் ஷிப்டில், டாக்கில் இருக்கிறார். சரக்கு வரவு அவர் பொறுப்பு. போன மாதம் தன் இரவு ஷிப்டை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். சாவிக்கொத்து, டார்ச் 4, வாக்கிடாக்கி 6, பதிவேடு 3 என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். இளையவர் பேனாவைத் திறந்ததும், "எண்ணிட்டுப் போடுப்பா" என்றார். எண்ணியதில் வாக்கிடாக்கி ஐந்துதான் இருந்தது. ஒன்று ரிப்பேருக்குப் போயிருந்தது. அவரே எழுத மறந்திருந்தார். பட்டியலை வாங்கி, "வாக்கிடாக்கி 1 பழுதுபார்க்க அனுப்பியுள்ளது" என்று எழுதி, தேதி போட்டு, பேனாவைத் திருப்பி நீட்டினார். இளையவர் அதன் பிறகு கையெழுத்திட்டார்.